உஷார்! அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூவில் ஒரு தாளை நீட்டுவார்கள்

கண்ணுகளா, கொஞ்சம் நில்லுங்க.

பி.காம் முடித்துவிட்டு, டாலி சர்டிஃபிகேட்டை ஃபைலில் சொருகிக்கொண்டு, அவிநாசி ரோடு, கணபதி, குறிச்சி சிட்கோ என்று அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலைக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பேங்க் ரெகன்சிலியேஷன்னா என்னம்மா?" என்று முதலில் கேட்பார்கள். படித்ததை ஒப்பிப்பீர்கள். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த நிமிடம் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து உங்கள் முன் வைப்பார்கள். பிள்ளைகள் விழுகிற இடம் அதுதான்.

எனக்குத் தெரிந்தவர் மகள். பொள்ளாச்சிப் பக்கம். பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு. பம்ப் செய்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாள். தாளை நீட்டினார்கள். ஆகஸ்ட் 31 அன்று கம்பெனியின் பேங்க் புக்கில் இருப்பு ரூ.4,86,250. அதே நாள் பேங்க் ஸ்டேட்மென்டில் ரூ.5,35,260. வித்தியாசம் ரூ.49,010. இரண்டின் நகலும் மேசையிலேயே இருந்தன.

"இந்த வித்தியாசத்தை என்னம்மா பண்ணுவே?"

"சஸ்பென்ஸ்ல போட்டு டேலி பண்ணிருவேனுங்க சார். அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

"சரிம்மா. போயிட்டு வா, சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்பவில்லை. ஏன் என்றும் அவளுக்குப் புரியவில்லை. பழைய ஆபீஸில் ரிட்டர்ன் போடுகிற அவசரத்தில் அப்படித்தான் செய்வார்களாம். அது தப்பு என்று ஒருவரும் அவளிடம் சொன்னதே இல்லை. என் வயிற்றைக் கலக்கியது அதுதான்.

அந்தத் தாளைப் போடத் தெரிகிறதா என்று மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. வித்தியாசத்தைக் கண்டால் தேடுகிற ஆளா, மூடுகிற ஆளா என்று பார்த்தார்கள்.

அவள் ஞாபகத்தில் இருந்த தாளை நானும் அவளும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். அந்த 49,010-க்குள் ஐந்து விஷயங்கள் ஒளிந்திருந்தன.

ஆகஸ்ட் 29 அன்று ஒரு சப்ளையருக்குக் கொடுத்த ரூ.62,000 செக்கை அவர் இன்னும் பேங்கில் போடவில்லை. நம் புக்கில் கழிந்துவிட்டது, பேங்கில் கழியவில்லை. 31-ம் தேதி சாயங்காலம் நாம் போட்ட ரூ.45,000 செக் புக்கில் ஏறிவிட்டது, பேங்கில் ஏறவில்லை. இந்த இரண்டும் நாள் வித்தியாசம் மட்டுமே. யார் மேலும் தப்பில்லை. இதற்கு எந்த என்ட்ரியும் போடக் கூடாது. ரெகன்சிலியேஷன் தாளில் காட்டிவிட்டு, அடுத்த மாதம் பாஸ் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.

மீதி மூன்றும் நம் புக்கில் இருக்கிற ஓட்டை. பேங்க் சார்ஜ் ரூ.500, அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.90, ஆக ரூ.590 பேங்கில் பிடித்துவிட்டார்கள், நாம் எழுதவில்லை. ஒரு கஸ்டமர் ரூ.23,600-ஐ நேராக அக்கவுண்டில் போட்டிருக்கிறார், அதையும் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பணம் கட்டிய மனுஷனுக்கே சேல்ஸ் ஆள் போன் போட்டு, "பேமென்ட் எப்பங்க வரும்?" என்று கேட்பார். அவர் மானஸ்தராக இருந்தால் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போகும்.

இந்த நான்கையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் சரியாக ரூ.9,000 நின்றது. கவனியுங்கள். மிஞ்சுகிற தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 9,000-ஐ 9-ஆல் வகுத்தால் 1,000. அப்படியானால் ஆயிரமும் பத்தாயிரமும் மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். தேடினோம், கிடைத்தது. ஒரு சப்ளையருக்கு ஆன்லைனில் போனது ரூ.56,560. புக்கில் எழுதியது ரூ.65,560.

இது ஒரு துப்பு, அவ்வளவுதான். ஒரு சைபர் கூடியோ குறைந்தோ போனாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். மற்ற வித்தியாசங்களை முதலில் கழிக்காமல் மொத்தத்தை வகுத்துப் பார்த்தாலும் பலன் இல்லை. இன்டர்வியூவில் "9-ஆல் வகுத்தா கண்டுபிடிச்சிரலாமுங்க" என்று அடித்துச் சொன்னால், அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது திருத்துங்கள். புக் இருப்பு 4,86,250-உடன் 23,600-உம் 9,000-உம் கூட்டி, 590 கழித்தால் ரூ.5,18,260. பேங்க் இருப்பு 5,35,260-இல் 62,000 கழித்து 45,000 கூட்டினால் அதுவும் ரூ.5,18,260. இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. சஸ்பென்ஸுக்கு அங்கே வேலையே இல்லை.

அவள் சொன்னபடி 49,010-ஐ சஸ்பென்ஸில் போட்டிருந்தால்? பேங்க் புக் வெளிப்பார்வைக்கு ஒத்துப்போயிருக்கும். அடுத்த மாதம் அந்த 62,000 செக் பாஸ் ஆகும்போது வித்தியாசம் மறுபடி எழும். அதையும் சஸ்பென்ஸில் போட வேண்டும். ஆறு மாதத்தில் அந்த லெட்ஜருக்குள் என்ன கிடக்கிறது என்று போட்ட ஆளுக்கே தெரியாது.

சின்னத் தப்புகளுக்கு என்று திறந்த ஒரு கணக்கு ஒரு பேங்கையே விழுங்கிய கதை உண்டு. இங்கிலாந்தின் பேரிங்ஸ் பேங்க், 1762-இல் ஆரம்பித்தது. அதன் சிங்கப்பூர் ஆபீஸில் 1992-இல் 88888 என்ற எண்ணில் ஒரு பிழைக் கணக்கு திறந்தார்கள். நிக் லீசன் என்ற ஊழியர் தன் வியாபார நஷ்டத்தையெல்லாம் அதற்குள் தள்ளினார். வியாபாரம் செய்வதும் அவர்தான், கணக்கு சரிபார்க்கும் பிரிவும் அவர் கையில்தான். 1995 பிப்ரவரியில் வெளியே வந்தபோது நஷ்டம் 80 கோடி பவுண்டுக்கும் மேல். பேங்க் மூழ்கிப்போனது.

சஸ்பென்ஸ் கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் அனுப்பினார்கள் என்றே தெரியாமல் பணம் வந்தால், தெரிகிற வரை அங்கே வைக்கலாம். ஆனால் என்ன தேதி, எந்த ரெஃபரன்ஸ், யாரைக் கேட்டிருக்கிறோம் என்று ஒவ்வொரு வரிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இத்தோடு விடமாட்டார்கள். "அந்த 62,000 செக் டிசம்பர்லயும் பாஸ் ஆகலைன்னா?" என்று கேட்பார்கள். செக்குக்கு ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம்தான். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி வைத்த விதி அது. ஆகஸ்ட் 29 செக் நவம்பரோடு செத்துப்போச்சு. அப்போது பேங்கை டெபிட் செய்து, சப்ளையரை கிரெடிட் செய்து, கொடுக்க வேண்டிய கடனாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதோடு சப்ளையருக்கு ஒரு போன். செக் அவர் கைக்குப் போனதா, இல்லை நம் மேசை டிராயரிலேயே தூங்குகிறதா?

இன்னொரு கேள்வி. சத்தமில்லாமல் வரும், மிக மோசமான கேள்வி.

"ஸ்டேட்மென்ட் எங்கிருந்தும்மா எடுப்பே?"

"கேஷியர் எக்ஸெல்ல அனுப்புவாருங்க" என்று வெகுளியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஐயோ! எக்ஸெல்லில் ஒரு எண்ணை மாற்ற ஐந்து நொடி போதும். மாற்றிய ஸ்டேட்மென்டோடு நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒத்துப்போகச் செய்தால், திருட்டுக்கு நீங்களே முத்திரை குத்தியதாக ஆகிவிடும். பேங்க் தளத்தில் பார்வையிட மட்டும் அனுமதி உள்ள லாகின் வாங்கி, பி.டி.எஃப்.பை நீங்களே இறக்க வேண்டும். பணம் அனுப்புகிறவரே ரெகன்சிலியேஷனும் போடக் கூடாது.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். புத்தகத்தில் காட்டிய பணமும் பேங்க் இருப்பும் ரூ.5,361 கோடி. அதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை. பேங்கிலிருந்து வந்ததாகக் காட்டிய தாள்களே போலி. அந்தத் தாளோடு புத்தகம் ஒத்துப்போனதால் யாருக்கு என்ன லாபம்?

சரி, மாதக் கணக்கு முடிப்புக்கு வருகிறேன். இங்கே ஒரே ஒரு பொறியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊர் ஃபவுண்டரி, பம்ப், மில் கம்பெனிகளில் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்.

"31-ம் தேதி ராத்திரி கேட்டுக்குள்ள காஸ்டிங் லோடு வந்திருச்சு. ரூ.2,40,000 சரக்கு. பில் மூணாம் தேதிதான் கைக்கு வருது. எந்த மாசத்துல போடுவே?"

"பில் வந்த தேதியிலங்க" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

தப்பு கண்ணு! அந்த லோடு குடோனுக்குள் இருக்கிறது. மாதக் கடைசி ஸ்டாக் எடுக்கிறவர் அதையும் எண்ணி எழுதிவிடுவார். சரக்கு கணக்கில் வந்துவிட்டது, கொள்முதல் வரவில்லை. அப்படியானால் ஆகஸ்ட் லாபம் 2,40,000 ரூபாய் பொய்யாக ஏறி நிற்கும். செப்டம்பரில் அதே அளவு சரியும். முதலாளி ஆகஸ்ட் கணக்கைப் பார்த்து சந்தோஷப்பட்டு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

சரியான வழி இது. கேட் இன்வேர்ட் ரிஜிஸ்டரையும் சரக்கு வரவுச் சீட்டையும் பில்லோடு ஒட்டிப் பாருங்கள். ரிஜிஸ்டரில் 31 வரை உள்ளே வந்து, பில் இல்லாதவற்றுக்கெல்லாம் ஆகஸ்டிலேயே ஒரு ப்ரொவிஷன். செப்டம்பர் 1-ம் தேதி அதைத் திருப்பிவிட்டு, உண்மையான பில் வந்ததும் வழக்கம்போல் எழுதுங்கள்.

உடனே அடுத்த கொக்கி வரும். "ப்ரொவிஷன்ல ஜி.எஸ்.டி. கிரெடிட் எடுப்பியா?" எடுக்கக் கூடாது! பில் கையில் இருக்க வேண்டும், சப்ளையர் அதை ரிட்டர்னில் காட்டி அது நம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யில் வந்திருக்கவும் வேண்டும். அது அடுத்த மாதம் 14-ம் தேதி வாக்கில் தளத்தில் வரும். அதனால் ப்ரொவிஷன் வரி இல்லாத தொகைக்கு மட்டும்தான். கரண்ட் பில்லும் இப்படித்தான். ஃபவுண்டரிக்கு அது சின்னத் தொகை இல்லை. பில் அடுத்த மாதம் வருகிறது என்பதற்காக இந்த மாதம் எரிந்த யூனிட் மறைந்துவிடாது. மாதக் கடைசி மீட்டர் ரீடிங்கை வைத்து ப்ரொவிஷன் போடுங்கள்.

இனி, நன்றாகப் படித்த பிள்ளைகளையும் கவிழ்க்கிற கேள்வி.

"பழைய வேலையில லெட்ஜர்ல நீ கண்டுபிடிச்ச தப்பு ஒண்ணு சொல்லு."

"எங்கிட்ட தப்பே வராதுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் லெட்ஜரைத் திறந்தே பார்த்ததில்லை என்று அவருக்கு அர்த்தம். "டிரயல் பேலன்ஸ் எப்பவும் டேலி ஆயிருமுங்க" என்பதும் அதே ரகம். மேலே பார்த்த 65,560 என்ட்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேங்கில் 65,560 கிரெடிட், சப்ளையரில் 65,560 டெபிட். இரண்டும் சமம். டிரயல் பேலன்ஸ் ஒரு ரூபாய் பிசகாது. தப்பு மட்டும் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தப்பால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். சப்ளையர் லெட்ஜரில் அவருக்கு 9,000 ரூபாய் முன்பணம் கொடுத்ததுபோல் நிற்கும். அடுத்த பில்லில் நாம் 9,000 பிடித்துக்கொண்டு கொடுப்போம். அவர் சண்டைக்கு வருவார். சரக்கு நிற்கும். லைன் நிற்கும்.

இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "ரெகன்சிலியேஷன்ல 9,000 வித்தியாசம் வந்துச்சுங்க. மத்ததெல்லாம் கழிச்சுட்டுப் பாத்ததுல ஒரு பேமென்ட்ல இலக்கம் மாறியிருந்துச்சுங்க. பார்ட்டிகிட்ட ஸ்டேட்மென்ட் வாங்கி ஒத்துப்பார்த்து உறுதி பண்ணினேனுங்க. மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு, பேங்க் டெபிட், பார்ட்டி கிரெடிட் 9,000-க்கு திருத்த என்ட்ரி போட்டேனுங்க. என்ன தப்பு, எந்த வவுச்சர்னு நரேஷன்ல எழுதினேனுங்க. அதுக்கப்புறம் பேமென்ட் அட்வைஸ் காப்பியைப் பார்த்துத்தான் தொகையை அடிக்கறதுன்னு வெச்சுக்கிட்டோமுங்க." உங்களுக்கு நடந்ததை மட்டும் இந்த வரிசையில் சொல்லுங்கள். நடக்காததைச் சொன்னால் மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். வேலை பார்த்ததே இல்லை என்றால், "இந்தத் தாளிலேயே போட்டுக் காட்டறேனுங்க" என்று பேனாவை எடுங்கள்.

அந்தப் பழைய கம்பெனியின் பெயரையோ, பார்ட்டி பெயரையோ, போனில் இருக்கிற லெட்ஜர் படத்தையோ காட்டாதீர்கள்! கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்கிறார்கள். நாளைக்கு நம் கணக்கையும் இப்படித்தான் வெளியே காட்டுவாள் என்று எதிரில் இருப்பவர் அந்த நொடியே முடிவு கட்டிவிடுவார்.

"தப்பு வவுச்சரை டெலீட் பண்ணிட்டு புதுசா போட்டேன்" என்பது அதைவிட ஆபத்து. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வருகிற கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அணைத்துவைக்கவும் முடியக் கூடாது. ஆடிட்டர் அதைப் பார்த்துத் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். தனி முதலாளி கடைக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் அந்த விதி இல்லை. ஆனாலும் முடித்துக் கொடுத்த மாதத்துக்குள் திரும்பப் போய்க் கைவைக்கிற பழக்கத்தை எந்த நல்ல மேனேஜரும் ஒத்துக்கொள்ள மாட்டார். திறந்திருக்கிற மாதத்தில் திருத்த என்ட்ரி, பழைய வவுச்சர் எண்ணோடு.

இதுவரை அவர்கள் உங்களைப் பார்ப்பதைச் சொன்னேன். நீங்களும் அவர்களைப் பாருங்கள் சாமி. சில ஆபீஸ்களில் வேலை கிடைப்பதைவிடக் கிடைக்காமல் போவது நல்லது. இவை கண்ணில் பட்டால் உஷார்!

கடைசியாக எந்த மாதம் வரை ரெகன்சிலியேஷன் முடிந்திருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். "அதெல்லாம் மார்ச்சுல ஆடிட்டர் பார்த்துக்குவாரு" என்று பதில் வந்தால், பதினோரு மாதத்துக் குப்பை உங்கள் தலையில்தான் கொட்டப்போகிறது.

முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேட்டால் முகம் மாறுகிறதா? வருஷத்துக்கு மூன்று பேர் மாறிய மேசையா? காரணம் பெரும்பாலும் அந்த சஸ்பென்ஸ் லெட்ஜருக்குள்ளேயே கிடக்கும்.

"முதலாளி சொன்னா எப்படியாவது டேலி பண்ணிக் கொடுத்துருவியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்களா? சில இடங்களில் இது உங்களைச் சோதிக்கிற கேள்வி. சில இடங்களில் உண்மையாகவே கேட்கிறார்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: "வித்தியாசம் என்னன்னு எழுதிக் கொடுத்துருவேனுங்க. இல்லாததை எழுத மாட்டேனுங்க." சோதிக்கிறவர் உங்களை எடுத்துக்கொள்வார். மற்றவர் எடுக்காமல் விட்டால் தப்பித்தீர்கள்.

கடைசியாக ஒன்று. என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான். வேலையில் சேர்ந்த முதல் நாள், "பழைய ஆளோட ஐ.டி.லயே போடும்மா, பாஸ்வேர்டு இதுதான்" என்பார்கள். வேலையை விட்டுப் போன அந்தப் பழைய ஆள் பேரில் உங்கள் என்ட்ரி விழும். நாளைக்கு நீங்கள் போன பிறகு, உங்கள் பேரில் இன்னொருவர் என்ட்ரி விழும். பணம் காணாமல் போனால் எடிட் லாகில் யார் பேர் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். உங்கள் பெயரில் தனி ஐ.டி. வரும் வரை ஒரு வவுச்சர்கூடப் போடாதீர்கள். அதுவரை கேட் ரிஜிஸ்டரையும் பில் ஃபைலையும் எடுத்து வைத்து ஒட்டிப் பாருங்கள், வேலை நிறைய இருக்கும்.